லண்டன் கடைக்கு வேலை, மல்லாவிக்குக் காசு: வெளிநாட்டுப் பணத்தைக் குறைந்த கழிவோடு எடுப்பது எப்படி

"தங்கச்சி, உண்டியலிலை போட்டுவிடட்டே? கட்டணமே இல்லை" என்று லண்டன் கடைக்கார அண்ணை கேட்பார். மல்லாவியில் இருந்து அவருடைய கடைக்கு விளம்பரப் படங்கள் செய்துகொடுக்கும் பிள்ளைக்கு அது நல்ல யோசனை போலத்தான் தெரியும். பின்னேரமே காசு வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் அந்தக் காசுக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது. அனுமதியில்லாத பணமாற்று என்பதால் சட்டச் சிக்கலும் உண்டு.

கடதாசி ஏன் தேவை? 2025 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டில் பயன்படும் சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் கிடைத்து, வங்கி ஊடாக இலங்கைக்கு வரும் வருமானத்துக்கு வருமான வரி உண்டு. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை விடுவிப்பு. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், மிச்சத்துக்கு 15 வீதம். வங்கி ஊடாக வராத வருமானத்துக்கு இந்த 15 வீத எல்லை இல்லை. அது சாதாரண விகிதத்தில் 36 வீதம் வரை ஏறும்.

பிள்ளைக்கு மாதம் 400 பவுண் என்று வைப்போம். கணக்குக்காக ஒரு பவுணை 400 ரூபா என்று எடுத்தால் மாதம் 1,60,000, வருடத்துக்கு 19,20,000 ரூபா. விடுவிப்புப் போக 1,20,000. அதற்கு 6 வீதம், 7,200 ரூபா வரி. உண்மையைச் சொன்னால், இந்த அளவு வருமானத்துக்கு 15 வீத எல்லையால் இலாபம் எதுவும் இல்லை. வேலை பெருகி, விடுவிப்புக்கு மேல் 10 இலட்சத்தைத் தாண்டும்போதுதான் அது கைகொடுக்கும். அப்போது பழைய கடதாசிகளைத் தேடி ஓடக்கூடாது என்பதற்காகவே முதல் மாதத்திலிருந்தே வங்கி வழி.

இனிக் கழிவைப் பார்ப்போம். வங்கிக்கு வங்கி அனுப்பும் பணத்தில், இடையிலுள்ள வங்கியும் உங்கள் வங்கியும் தொகை எவ்வளவென்றாலும் ஏறக்குறைய ஒரே கட்டணத்தை வெட்டும். இரண்டும் சேர்ந்து 15 பவுண் என்று வையுங்கள். கிழமைக்கு 100 பவுணாக அனுப்பினால் ஒவ்வொரு முறையும் 15 வீதம் போகும். மாதம் ஒருமுறை 400 ஆக அனுப்பினால் 4 வீதத்துக்கும் குறைவு. இணையப் பணச்சேவைகள் பெரும்பாலும் வீதக் கணக்கில் எடுக்கும். 2 வீதமென்றால் 400 பவுணுக்கு 8 பவுண்தான். இந்தக் கணக்கின்படி 750 பவுணுக்குக் கீழே வீதக் கட்டணம் மலிவு, அதற்கு மேலே வங்கி மலிவு. உங்கள் வங்கியின் உண்மையான கட்டணத்தைக் கேட்டு, 15 இருக்கும் இடத்தில் போட்டு இந்தக் கணக்கை நீங்களே செய்யுங்கள்.

கட்டணப் பட்டியலில் வராத கழிவும் ஒன்று உண்டு, அதுதான் நாணயமாற்று விலை. "கட்டணம் இல்லை" என்று சொல்லி, 400 ரூபா போகும் பவுணை 392 க்கு எடுத்தால் 400 பவுணில் 3,200 ரூபா போய்விட்டது. அதுவும் 8 பவுண்தான். பிடிப்பது சுலபம்: கையில் வந்த ரூபாவை, அனுப்பிய பவுணால் பிரித்து, வங்கி ஊடாக வரும் பணத்துக்கு அன்று வங்கி கொடுக்கும் TT வாங்கும் விலையோடு ஒப்பிடுங்கள். காசுத்தாள் வாங்கும் விலையோடு ஒப்பிட வேண்டாம், அது வேறு.

லண்டன்காரருக்கு டொலரில் இன்வொய்ஸ் அனுப்புவது பலர் விடும் பிழை. அவருடைய வங்கி பவுணை டொலராக மாற்றும்போது ஒரு வெட்டு, உங்கள் வங்கி டொலரை ரூபாவாக மாற்றும்போது இன்னொரு வெட்டு. பவுணிலேயே எழுதுங்கள். தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கைப் பவுணில் திறக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். கிடைத்தால் பவுணாகவே எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதையும் கேளுங்கள்.

இன்வொய்ஸில் இலக்கம், திகதி, செய்த வேலை, பவுண் தொகை, கணக்கு இலக்கம், வங்கியின் SWIFT குறியீடு இருக்கவேண்டும். கட்டணம் யார் கொடுப்பது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். அனுப்புபவரின் படிவத்தில் OUR என்றால் எல்லாம் அவருடைய பக்கம், SHA என்றால் அனுப்பும் வங்கியின் கட்டணம் அவருக்கு, இடையிலுள்ள வங்கியினதும் உங்கள் வங்கியினதும் கட்டணம் உங்களுக்கு, BEN என்றால் எல்லாம் உங்கள் தலையில். SHA என்று போட்டு 400 அனுப்பினால் 385 வந்து சேரலாம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபப்பட முன் அந்த மூன்றெழுத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. அண்ணை ஒரு செயலி வழியாக அனுப்பும்போது, அது இங்கே ஒரு உள்ளூர்க் கணக்கிலிருந்து வெறும் ரூபாவாக வந்து விழக்கூடும். மலிவுதான், ஆனால் உங்கள் கணக்குக் கூற்றில் பவுண் என்ற சொல்லே இருக்காது; வெளிநாட்டு நாணயமாக வந்ததென்று காட்டுவது கடினமாகும். அப்படி வந்தால் அனுப்பியவரின் ரசீதை வாங்கி, அந்த இன்வொய்ஸோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். வங்கி வழி வந்தால், பணம் வந்த அறிவித்தலை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் எப்போதும் தரமாட்டார்கள்.