ஒரே தங்கம், மூன்று கணக்கு

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்வெட்டி ஓய்வு பெற்ற என் மாமாவின் கையில் இ.பி.எஃப். பணம் வந்திருந்தது. “ஐயாயிரம் ரிங்கிட் கட்டினால் ஐம்பதாயிரம் ரிங்கிட் தங்கத்தைப் பிடிக்கலாமாம்” என்றார். அவருக்குச் சொன்ன கணக்குதான் இது. சுத்தத் தங்கம் கிராம் 500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். கூலி, கழிவு, கட்டணம் எல்லாம் நானாக எடுத்துக்கொண்டவை. இடத்துக்கு இடம் மாறும்.

முதலில் வளையல். 916 நகையில் ஆயிரத்தில் 916 பங்குதான் தங்கம். பத்து கிராமில் இருப்பது 4,580 ரிங்கிட் தங்கம். கூலி 300 சேர்த்து 4,880 கொடுக்கிறோம். மறுநாளே விற்கப் போனால், கடைக்காரர் எட்டு சதவீதம் கழித்து ஏறத்தாழ 4,214 தருவார். தங்கம் 16 சதவீதம் ஏறினால்தான் போட்ட காசு திரும்பும். கையில் போட்டு அனுபவித்ததற்கு விலை என்று நினைத்தால் வருத்தமில்லை.

பங்குச் சந்தையில் வாங்கும் தங்க நிதியில் கூலி கிடையாது, திருட்டுப் பயமும் கிடையாது. தரகுக் கட்டணம் சிறிதுதான். ஆனால் நிதி தன் செலவுக்காக ஆண்டுதோறும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அது அரை சதவீதம் என்றால், நம் ஒவ்வொரு யூனிட்டின் பின்னால் இருக்கும் தங்கம் பத்து ஆண்டில் சுமார் ஐந்து சதவீதம் கரைந்திருக்கும். ரசீது எதுவும் வராததால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

மாமா கேட்டது மூன்றாவது வகை: முன்பேர ஒப்பந்தம். பின்னால் வரும் ஒரு நாளில் வாங்கவோ விற்கவோ இன்றே விலை பேசிவைப்பது. பர்சா மலேசியாவில் ஓர் ஒப்பந்தம் 100 கிராமுக்கு என்று வைத்துக்கொள்வோம். அதாவது நம் கணக்கில் 50,000 ரிங்கிட். பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டினால் போதும் என்று வைப்போம். கடைசியில் தங்கக் கட்டி கைக்கு வராது, விலை வித்தியாசம்தான் பணமாகத் தீர்க்கப்படும். அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு நாள் மாலையும் கணக்குப் பார்த்து நம் முன்பணத்திலிருந்து எடுப்பார்கள், அல்லது அதில் சேர்ப்பார்கள்.

2013 ஏப்ரல் 15 அன்று உலகச் சந்தையில் தங்கம் ஒரே நாளில் ஒன்பது சதவீதம் போலச் சரிந்தது. நம் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு சரிவு வந்தால் 4,500 ரிங்கிட் போய்விடும், மிச்சம் 500. தரகர் அழைத்து, குறைந்த பணத்தை உடனே கட்டச் சொல்வார். கட்டாவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துவிடுவார். அடுத்த மாதமே விலை பழைய இடத்துக்கு ஏறினாலும் மாமாவுக்கு அதில் பங்கில்லை. பீரோவில் இருக்கும் வளையலை விலை சரிந்த அன்று யாரும் பிடுங்கிச் செல்வதில்லை.

இந்த ஒப்பந்தம் உண்மையில் உதவுவது நகைக்கடைக்காரருக்கு. ஒரு கிலோ தங்கம் இருப்பு வைத்திருப்பவர் பத்து ஒப்பந்தங்களை விற்று வைத்தால், விலை இறங்கும்போது இருப்பில் போவது பெரும்பாலும் ஒப்பந்தத்தில் திரும்பிவிடும். விலை ஏறினால் அவருக்கும் தரகர் அழைப்பு வரும். அன்று அலமாரியில் தங்கம் நிறைய இருக்கும். தரகர் கேட்பதோ ரொக்கம்.