அமிலத்தோடு அமிலம் சேராது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கும், அம்மாப்பேட்டைப் பக்கத்துச் சாயப்பட்டறைகளுக்கும் சேர்த்துச் சரக்கு அனுப்பும் ஒரு நடுத்தரக் கிடங்கைக் கற்பனை செய்துகொள்வோம். தகரக் கூரை, முன்புறம் ஒரே ஒரு ஷட்டர், பின்சுவரில் இரண்டு சிறிய சன்னல்கள். உள்ளே வெள்ளி கரைக்கும் நைட்ரிக் அமிலக் கேன்கள் 20, சாயமிட்ட துணியின் காரத்தை முறிக்கும் அசிட்டிக் அமிலக் கேன்கள் 20, ஒரு பேரல் தின்னர், அவற்றோடு நூல் மூட்டைகள், சாக்குக் கட்டுகள், அட்டைப்பெட்டிகள். எரியும் பொருள் ஒரு மூலை, அரிக்கும் பொருள் ஒரு மூலை, சாதாரணச் சரக்கு நடுவில் என்று பிரித்தால் போதும் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். அப்படிப் பிரிக்கும்போது இரண்டு அமிலங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. இந்தக் கிடங்கின் மிகப் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இரண்டு கேன்களின் மீதும் கறுப்பும் வெள்ளையுமான ஒரே சாய்சதுர அடையாளம் இருக்கும்: ஒரு கையின் மீதும் ஓர் உலோகத்தின் மீதும் திரவம் சொட்டும் படம், கீழே 8 என்ற எண். 8 என்பது அரிக்கும் பொருள்களின் வகுப்பு. கேனைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் இன்னொரு சாய்சதுரமும் தெரியும். அசிட்டிக் அமிலத்தில் அது சிவப்பு நிறத்தில் தீச்சுடரோடு 3 என்ற எண்ணைக் கொண்டிருக்கும். எரியும் திரவம் என்று பொருள். 65 விழுக்காட்டுக்குக் குறையாத நைட்ரிக் அமிலத்தில் அது மஞ்சள் நிறத்தில், வட்டத்தின் மேல் சுடரோடு 5.1 என்றிருக்கும், தான் எரியாவிட்டாலும் பிற பொருள்களுக்கு ஆக்சிஜனைக் கொடுத்து எரியச் செய்யும் பொருள் என்று பொருள். ஆக, ஒன்று விறகு, மற்றொன்று அந்த விறகுக்குக் காற்று. இரண்டும் கலந்தால் கலவை சூடேறித் தீப்பற்றும். சில விகிதங்களில் வெடிக்கவும் கூடும். சரக்கைப் பிரிக்கும்போது முதல் சாய்சதுரத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்துவதுதான் பொதுவான தவறு.

இந்த இரண்டாவது அடையாளம் அமிலத்தின் செறிவைப் பொறுத்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். 60 விழுக்காட்டு நைட்ரிக் அமிலக் கேனில் மஞ்சள் அடையாளம் கட்டாயமில்லை. அதே போல, 80 விழுக்காட்டைத் தாண்டாத அசிட்டிக் அமிலத்துக்குச் சிவப்பு அடையாளம் தேவைப்படுவதில்லை. ஆனால் 60 விழுக்காட்டு நைட்ரிக் அமிலம் ஒரு சாக்கின் மீது கொட்டினால், மஞ்சள் அடையாளம் இல்லை என்பதற்காகச் சும்மா இருந்துவிடாது. எனவே அடுக்குபவர் அடையாளத்தோடு பொருளின் பெயரையும் படிக்க வேண்டும். கேனில் ஒட்டிய தாள் அமில ஆவியில் மங்கிப் போகும் என்பதால், அடுக்கின் மேல் சுவரில் பெயரையும் செறிவையும் பெயிண்டால் தமிழிலேயே எழுதி வைப்பது நல்லது.

அசிட்டிக் அமிலத்துக்குச் சேலத்தில் தனியாக ஒரு கவலையும் உண்டு. நீர் கலவாத அசிட்டிக் அமிலத்தின் ஆவி, ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸில், ஒரு பொறி பட்டால் தீப்பற்றும் அளவுக்குத் திரண்டுவிடுகிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அந்த வெப்பநிலை எளிதில் வந்துவிடும். அதே அமிலம் 16.6 டிகிரிக்குக் கீழே பனிக்கட்டி போல உறைந்துவிடும். மார்கழி இரவில் ஏற்காட்டில் வைத்திருந்தால் காலையில் கேனுக்குள் கட்டியாகக் கிடக்கும். சேர்வராயன் மலைக்கு மேலே உறையவும், மலைக்குக் கீழே தீப்பற்றவும் கூடிய ஒரே சரக்கு இது. உறைந்த கேனை அடுப்பருகே வைத்து உருக்குவது கூடாது. வெதுவெதுப்பான நீரே போதும்.

தின்னரின் நிலை இன்னும் எளிதாகப் புரியும். அதில் அதிகமாக இருக்கும் டொலுவீன் 4 டிகிரியிலேயே தீப்பற்றத்தக்க ஆவியைத் தருகிறது. அதாவது சேலத்தில் ஆண்டு முழுவதும். அந்த ஆவி காற்றைப் போல மூன்று மடங்கு கனமானது, ஆகவே மேலே போகாமல் தரையோடு தவழ்கிறது. ஒரு லிட்டர் டொலுவீன் முழுவதும் ஆவியானால் சுமார் 230 லிட்டர் ஆவி கிடைக்கும். காற்றில் 1.1 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும் என்பதால், அந்த ஒரு லிட்டர் ஏறத்தாழ 20 கன மீட்டர் காற்றைத் தீப்பற்றும் கலவையாக்கப் போதும். அது ஒரு சிறிய அறையின் கொள்ளளவு. உயரத்தில் இருக்கும் சன்னல்கள் இதற்குப் பெரிதாக உதவா. தின்னர் பேரல் நிற்கும் பக்கத்துச் சுவரில், தரையை ஒட்டிக் கம்பிவலை இட்ட துவாரங்கள் வேண்டும்.

இப்போது நம் கிடங்கை மாற்றி அடுக்குவோம். தின்னரும் அசிட்டிக் அமிலமும் ஒரே முனையில், ஆனால் தனித்தனித் தடுப்புக்குள் நிற்கலாம். நைட்ரிக் அமிலம் எதிர்முனைக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் இடையே தீத்தாங்கும் சுவர், அல்லது குறைந்தது 3 மீட்டர் இடைவெளி என்பது பொதுவான நடைமுறை. அந்த இடைவெளியில் நூல் மூட்டைகளை அட்டி போட்டு நிரப்பிவிட்டால், இடைவெளியே இல்லாமல் போகும். நைட்ரிக் அமிலத்துக்கு நூலும் சாக்கும் மரத்தூளும் விறகுதான். தரை ஒரு பக்கம் சரிந்திருந்தாலும் 3 மீட்டர் பயன்படாது, ஏனெனில் கொட்டிய திரவம் சரிவைத்தான் பார்க்கும். ஆகவே நைட்ரிக் கேன்களைச் சுற்றி, அமிலத்தைத் தாங்கும் ஓடு பதித்த குட்டைச் சுவர் தேவை. வெறும் சிமெண்டை நைட்ரிக் அமிலம் அரித்துவிடும். 35 லிட்டர் கேன்கள் 20 என்றால் மொத்தம் 700 லிட்டர்; அதில் கால் பங்கான 175 லிட்டரைப் பிடிக்கும்படி தடுப்பைக் கட்டுவது வழக்கம். 2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் கொண்ட இடத்தில் அது 3 சென்டிமீட்டர் ஆழமே வரும். 15 சென்டிமீட்டர் உயரச் சுவர் தாராளம். கேன்களை மரப்பலகையின் மீது வைக்கக் கூடாது, பிளாஸ்டிக் தட்டுப் பலகை வேண்டும். சிந்தினால் மரத்தூள் தூவாமல் உலர்ந்த மணலைப் போட வேண்டும். மரத்தூளிலிருந்து செம்பழுப்புப் புகை கிளம்பினால் அது ஏற்கெனவே எரியத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

எத்தனை அடுக்கு என்பதற்கும் கணக்கு உண்டு. இத்தகைய கேன்களை 3 மீட்டர் உயர அடுக்கின் எடையைச் சுமக்க வைத்து, 40 டிகிரி வெப்பத்தில் 28 நாள் சோதிக்கிறார்கள். அதைக் கேட்டதும் ஆறு அடுக்கு வைக்கலாம் என்று தோன்றும். ஆனால் 40 டிகிரிக்கு மேல் என்ன ஆகும் என்று அந்தச் சோதனை சொல்லவில்லை; நெடுநாள் சுமையிலும் வெப்பத்திலும் பிளாஸ்டிக் மெல்ல மெல்லத் தொய்யும். அடித்தட்டுக் கேனின் வயிறு புடைத்து, கைப்பிடிக்கு அருகே வெள்ளைக் கீறல்கள் தெரிவது அதன் அறிகுறி. விழுந்தால் உடையாமல் இருக்க வேண்டிய உயரமும் குறைவு: இந்த நைட்ரிக் கேனுக்குச் சோதனை உயரம் சுமார் 1.4 மீட்டர் மட்டுமே. 15 சென்டிமீட்டர் பலகையின் மேல் 50 சென்டிமீட்டர் உயரக் கேன்களை அடுக்கினால், நான்காவது கேனின் அடி 1.65 மீட்டரில் நிற்கும், அதாவது சோதித்த உயரத்தைத் தாண்டி. மூன்றாவது அடுக்கு கணக்கில் தேறும். இருந்தாலும் 50 கிலோ எடையுள்ள அமிலக் கேனைத் தோள் உயரத்துக்குத் தூக்கி வைக்க ஒரு சுமைத் தொழிலாளியைக் கேட்பதை நான் ஏற்கமாட்டேன். இரண்டு அடுக்கு போதும். 20 கேன்களுக்கு அடியில் பத்து, மேலே பத்து.

கேனின் அடியிலோ தோளிலோ கடிகார முகம் போல ஒரு வட்ட முத்திரை பதிந்திருக்கும். முள் மாதத்தையும் நடுவில் உள்ள எண் ஆண்டையும் காட்டும். பிற சரக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய பிளாஸ்டிக் கேனை உற்பத்தி நாளிலிருந்து 5 ஆண்டுகள் வரை பயன்படுத்தலாம். 55 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நைட்ரிக் அமிலத்துக்கு 2 ஆண்டுகள்தான். அதற்குப் பிறகு, வெளியே எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், அந்தக் கேனை நைட்ரிக் அமிலத்துக்கு மறுபடி நிரப்பக் கூடாது.