ஒரு ரெசிஸ்டர் இல்லாவிட்டால் பிஎல்எல் ஏன் ஆடிக்கொண்டே இருக்கும்?

பிஎல்எல் என்பது ஓர் ஆசிலேட்டரின் ஃபேஸை ரெஃபரன்ஸ் அலையின் ஃபேஸோடு பூட்டி வைக்கும் லூப். சார்ஜ் பம்ப் பிஎல்எல்லின் ஃபில்டரில் வெறும் கெப்பாசிட்டரை மட்டும் வைத்தால் லூப் நிலைக்கு வராது. மின்னழுத்தத்துக்கு ஏற்ப அலைவெண் மாறும் ஆசிலேட்டரான விசிஓவின் அலைவெண் சரியான மதிப்பைச் சுற்றி ஆடிக்கொண்டே இருக்கும்.

விசிஓ ரெஃபரன்ஸைவிடக் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பம்ப் கெப்பாசிட்டருக்குள் மின்னூட்டத்தைத் தள்ளுகிறது, அலைவெண் ஏறுகிறது. பின்தங்கல் முழுதும் தீரும்வரை பம்ப் ஓயாது. தீர்ந்த கணத்திலோ, ஏறிய மின்னழுத்தம் கெப்பாசிட்டரில் அப்படியே நிற்கிறது. ஃபேஸ் சரியாகிவிட்டது, அலைவெண் தேவைக்கு மேல் இருக்கிறது. அதனால் விசிஓ முந்திப் போகிறது, பம்ப் எதிர்த்திசையில் இழுக்கிறது, கதை திரும்பத் தொடங்குகிறது. கெப்பாசிட்டர் ஓர் இன்டெக்ரேட்டர். அலைவெண்ணை ஃபேஸாகச் சேர்க்கும் விசிஓ இன்னொன்று. தலா 90 பாகைத் தாமதம், ஆக 180. 180 பாகையைத் தொடுவதற்கு முன் மிஞ்சும் இடைவெளியான ஃபேஸ் மார்ஜின் சுழி.

கெப்பாசிட்டரோடு தொடராக ஒரு ரெசிஸ்டரைப் போட்டால், பம்ப் ஓடும் நேரத்தில் மட்டும் அதன் குறுக்கே மின்னழுத்தம் தோன்றும். பம்ப் நின்றதும் மறையும். அந்தக் கணநேர உந்தல் ஃபேஸை நகர்த்திவிட்டு, அலைவெண்ணில் எதையும் மிச்சம் வைக்காமல் போய்விடும். கணக்கில் இதற்குத்தான் சீரோ என்று பெயர். `1/(2πRC)` என்ற அலைவெண்ணுக்கு மேலே ரெசிஸ்டரின் கை ஓங்கி, இழந்த பாகைகள் திரும்புகின்றன.

ஓர் உதாரணம். பம்ப் மின்னோட்டம் 100 மைக்ரோஆம்பியர், விசிஓ ஒரு வோல்ட்டுக்கு 100 மெகாஹெர்ட்ஸ், விசிஓ அலைவெண்ணை வகுக்கும் டிவைடர் 100, ரெஃபரன்ஸ் 10 மெகாஹெர்ட்ஸ். கெப்பாசிட்டர் 1 நானோஃபாரட், ரெசிஸ்டர் 6.2 கிலோஓம் என்றால் சீரோ 26 கிலோஹெர்ட்ஸ் அருகே விழும். லூப் கெயின் ஒன்றாகும் இடம் சுமார் 100 கிலோஹெர்ட்ஸ். அங்கே மார்ஜின் 76 பாகை.

தாராளம்தான், ஆனால் இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு பல்ஸிலும் ரெசிஸ்டரில் 0.62 வோல்ட் எகிறும். விசிஓ அந்த நேரம் 62 மெகாஹெர்ட்ஸ் தாவும்! இதைத் தணிக்கத்தான் 62 பிக்கோஃபாரட் அளவில் இரண்டாவது கெப்பாசிட்டரை இந்த முழுத் தொடருக்கும் குறுக்கே போடுகிறோம். ஒரு நானோசெகண்ட் பல்ஸுக்கு எகிறல் இப்போது 1.6 மில்லிவோல்ட்தான். சீரோ தந்த பாகைகளைத் திரும்பப் பறிக்கும் ‘போல்’ ஒன்றையும் அது கொண்டுவருகிறது, அது 440 கிலோஹெர்ட்ஸில் இருப்பதால் மார்ஜின் 63 பாகைக்கு இறங்குகிறது. நல்ல பேரம் என்பேன்.

இந்த எகிறலால் வெளியீட்டில் முளைக்கும் தேவையற்ற சிகரமான ஸ்பர் இன்னும் குறையட்டும் என்று அதே இடத்தில் 470 பிக்கோஃபாரட் போட்டால்? போல் 80 கிலோஹெர்ட்ஸுக்கு வந்து சீரோவை நெருக்கும். மார்ஜின் 30 பாகைதான் மிஞ்சும். லாக் ஆகும்போது கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் பலமுறை அலைந்துதான் அடங்கும். ஸ்பெக்ட்ரம் அனலைசரில் கேரியரின் இருபுறமும், லூப் அகலத்தை ஒட்டிய தூரத்தில், நாய்ஸ் இரண்டு காதுகளைப் போலப் புடைத்து நிற்கும்.