நால்வரா, ஐவரா? வாழ்த்துப்பா எழுதச் சொல்வதற்கு முன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வாழ்த்துக் கவிதையும் மேடைப் பேச்சும் எழுதிக் கொடுப்பது என் தொழில். பிறந்தநாள், காதணி விழா, அறுபதாம் கல்யாணம், வேலை ஓய்வு என எல்லாவற்றுக்கும் கேட்டு வருவார்கள். பெரும்பாலும் வாட்சாப்பில் ஒரே வரிதான் வரும்: "சார், அப்பா அம்மாவுக்கு அம்பதாவது கல்யாண நாள், நல்லா ஒரு கவிதை வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள." அதோடு இரண்டு பெயர்கள் இருக்கும். வேறொன்றும் இருக்காது.

இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டும் எழுதலாம். குத்துவிளக்கு, தேன்மழை, ஆலமரம் எல்லாம் கைவசம் இருக்கின்றன. ஆனால் அந்தக் கவிதையில் பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த வாரம் வேறொரு வீட்டிலும் வாசிக்கலாம். அப்படியே விற்பவர்களும் உண்டு. உங்கள் கைக்கு வந்த கவிதை அந்த ரகமா என்று பார்க்க, அதில் உங்கள் அப்பா பெயர் இருக்கும் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைப் போட்டு வாசியுங்கள். ஒன்றும் உறுத்தவில்லை என்றால் நீங்கள் காசு கொடுத்தது பெயர் ஒட்டும் வேலைக்கு மட்டும்.

2024இல் எழுதிய ஒரு பொன்விழா வாழ்த்தைப் பற்றிச் சொல்கிறேன். அதில் நானும் ஒரு தவறு செய்தேன். பெயரை மாற்றியிருக்கிறேன், பெரியவரைக் காளியப்பன் என்று வைத்துக்கொள்வோம். 1974இல் கல்யாணம். கணவன், மனைவி இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் பிறகு செம்பனைக்கு மாறிவிட்டது. பிள்ளைகள் பட்டணத்தில் வீடு வாங்கி இருவரையும் அழைத்து வந்துவிட்டார்கள். மூத்த மகள்தான் கவிதை கேட்டார்.

நான் முதலில் அவரிடம் கேட்டது குணத்தைப் பற்றி அல்ல. "அப்பா நல்லவர், உழைப்பாளி" என்ற பதில் எனக்குப் பழக்கம். அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. நான் கேட்டது பொருள்களையும் செயல்களையும். காலையில் எத்தனை மணிக்கு எழுவார், கையில் என்ன இருக்கும், எந்த இடத்தில் வழுக்கி விழுந்தார், மற்றவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்வார்கள்? மகளுக்குப் பாதி தெரியவில்லை. அதனால் பெரியவரிடமே போன் போனது. "உங்கள் நிரை எங்கே இருந்தது ஐயா?" என்று கேட்டதும் அவர் குரலே மாறிவிட்டது. (யாப்பில் நிரை என்றால் ஓர் அசை. தோட்டத்தில் நிரை என்றால் மரவரிசை. இரண்டோடும் மாரடிப்பவன் நான்.) மேட்டு நிரையாம். மழை பெய்த மறுநாள் காண்டா கம்பின் இரு முனையிலும் பால் வாளியை மாட்டித் தோளில் வைத்துக்கொண்டு அந்த மேட்டில் போவது பெரும்பாடாம். "நான் வெட்டின பட்டையில காயம் இருக்காது தம்பி" என்றார். கத்தி ஆழமாக இறங்கினால் பட்டைக்குள் இருக்கும் வளரும் திசு அடிபட்டு, ஆறும் இடம் முண்டும் முடிச்சுமாக ஆகிவிடும். பிறகு அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. அது தெரிந்தவர்தான் இதைப் பெருமையாகச் சொல்வார்.

இனி எழுத வேண்டியதுதான். நான் எடுத்துக்கொண்டது அறுசீர் விருத்தம். அடிக்கு ஆறு சீர், நான்கு அடி. நான்கு அடிகளிலும் முதல் சொல்லின் இரண்டாம் எழுத்து ஒத்து வர வேண்டும், அதுதான் எதுகை. முதல் எழுத்து குறிலா நெடிலா என்பதும் ஒத்திருக்க வேண்டும். காளியப்பன் என்ற பெயர் முதல் அடியில் நின்றால், அடுத்த மூன்று அடிகளும் நெடிலில் தொடங்கி, அடுத்த எழுத்தாக 'ள' வரிசையில் ஒன்றைக் கொண்டு வர வேண்டும். எனக்கு அதிர்ஷ்டம்: வாளி, நாள், தோள் என்று பெரியவர் போனில் சொன்ன சொற்களே வந்து உட்கார்ந்துகொண்டன.

காளியப் பன்கை பட்டால்
கத்தியும் பூவாய் ஆகும்
வாளியில் பாலைத் தூக்கி
வழுக்கிடும் மேட்டில் ஏறி
நாளெலாம் ஓடி ஓடி
நால்வரைப் பெற்றுக் காத்தார்
தோளிலே பேரன் பேத்தி
துணையொடு வாழ்க நன்றே

(ஓர் அடியை இரண்டு வரியாக மடக்கி எழுதியிருக்கிறேன். இப்படி அச்சடித்தால்தான் கைப்பேசித் திரையில் உடையாது.)

பெரிய கவிதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைப் போட முடியாது. அவர் கிராணி வேலை பார்த்தவர், கையில் பேனாதான் இருந்தது.

எழுதியதை மகளுக்கு அனுப்பினேன். அவர் இரவு சாப்பாட்டு நேரத்தில் சத்தமாக வாசித்திருக்கிறார். "நால்வரைப் பெற்று" என்ற இடம் வந்ததும் அடுப்படியில் இருந்து அம்மா "அஞ்சு" என்றாராம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லையாம்.

மூன்றாவதாகப் பிறந்த பையன் இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். மகள் "நாங்க நாலு பேரு" என்றது பொய் இல்லை. அவர் நினைவில் இருப்பது நாலு பேர்தான். தவறு என்னுடையது. பிள்ளைகள் எத்தனை என்று பிள்ளையிடம் கேட்டேன், பெற்றவரிடம் கேட்கவில்லை. இப்போதெல்லாம் இரண்டு கேள்வியாகவே கேட்கிறேன்: பிறந்தவர்கள் எத்தனை பேர், இப்போது இருப்பவர்கள் எத்தனை பேர்? கூடவே, பேச்சு வார்த்தை நின்றுபோன உறவு ஏதும் உண்டா என்றும் கேட்பேன். அதற்குப் பதில் சொல்லத் தயங்குவார்கள். காரணம் வேண்டாம், பெயர் வருமா வராதா என்று மட்டும் சொல்லுங்கள் என்பேன்.

திருத்தலாமா என்பதில் வீட்டுக்குள் இரண்டு கருத்து. ஐந்து என்று வாசித்தால் விருந்தினர்கள் யார் யார் என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள், அம்மா மேடையிலேயே அழுதுவிடுவார் என்று மகள் பயந்தார். இப்படிப்பட்ட நேரத்தில் எழுதுகிறவன் கருத்துச் சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொன்னேன்: "எண்ணிக்கை அம்மாவுடையதம்மா, அவங்களையே கேளுங்க." அம்மா ஐந்து என்றே சொன்னார்.

திருத்தம் ஒரே சொல்தான். "நால்வரை" இருந்த இடத்தில் "ஐவரை". இரண்டும் ஒரே வாய்பாடு, கூவிளம்; ஓசை துளியும் கெடவில்லை. நாளெலாம், நால்வர் என்று முதலெழுத்து ஒத்திருந்த மோனை மட்டும் போனது. போகட்டும். யாப்பு தெரிந்தவர் யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், யாரும் கேட்கவில்லை.

அதே இரவு அம்மா சொல்லாத இன்னொரு குறையும் என் கண்ணில் பட்டது. கல்யாண நாள் வாழ்த்து இது, ஆனால் மனைவி "துணையொடு" என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிட்டார். அவரும் அதே தோட்டத்தில் மரம் சீவியவர்தானே. பால் நன்றாக இறங்குவது விடியற்காலைக் குளிரில்தான். அதனால் பிள்ளைகள் எழுவதற்கு முன்பே வீட்டு வேலையை முடித்துவிட்டு, இருட்டில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்குப் போய் நின்றவர். அவர் பெயரில் தொடங்கும் இன்னொரு விருத்தம் எழுதி அதை முதலில் வைத்தேன். இரண்டு பேர் விழாவில் ஒருவர் பெயரோடு முடிகிற கவிதை உங்களுக்கு வந்தால் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். கேட்க நன்றாக இருப்பதால் இந்தக் குறை எளிதில் தப்பிவிடும்.

பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லார் பெயரையும் கவிதையில் நுழைக்கச் சொல்வார்கள். வேண்டாம். பதினேழு பெயரை யாப்பில் அடைத்தால் வருகைப் பதிவேடு மாதிரி ஆகிவிடும். விடுபட்ட ஒரு மருமகனுக்காக வருஷக்கணக்கில் பேச்சு வேறு வரும். பெயர்களை நன்றியுரையில், வயது வரிசைப்படி சொல்லட்டும். அந்த உரையையும் மூன்று நிமிடத்துக்கு மேல் நான் எழுதுவதில்லை. மண்டபத்தில் சாப்பாட்டு மணம் வந்த பிறகு யார் பேசினாலும் எடுபடாது.

அச்சு விஷயத்தில் ஒன்று. விருத்தத்தைப் பதாகையில் போட ஓர் அச்சகத்துக்கு அனுப்பினோம். அவர்களின் வடிவமைப்பு மென்பொருள் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டும்படி அமைக்கப்படவில்லை. ஒட்டிய எழுத்துகளில் கொம்பு இடம் மாறி, எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டியது பின்னால் போய் நின்றது. தமிழ் தெரியாத பையன் அடிக்கும்போது அது அவன் கண்ணுக்குத் தெரியாது. மாதிரிப் படம் வந்ததும் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. ெ, ே, ை, ொ, ோ வரும் சொற்களை மட்டும் பாருங்கள். இந்தப் பாட்டில் என்றால் "மேட்டில்", "பெற்று", "ஐவரை", "தோளிலே" போன்றவை. அவை சரியாக இருந்தால் மற்றவையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எழுத்தாக அனுப்பாமல் பிடிஎஃப் கோப்பாகவோ படமாகவோ அனுப்பினால் இந்தத் தொல்லையே இல்லை. அப்புறமாகத்தான் எனக்கு இது உறைத்தது.

கடைசியாக, வாசிக்கப் போவது யார்? இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்த வீட்டில் பன்னிரண்டு வயதுப் பேரன். தேசியப் பள்ளியில் படிக்கிறான், தமிழ் பேசுவான், படிக்க வராது. ஆங்கில எழுத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். அதில் 'ல'வுக்கும் 'ள'வுக்கும் ஒரே எழுத்து. காளியப்பன் காலியப்பன் ஆகிவிடுவார். அதனால் முதலில் குரல் பதிவு அனுப்பினேன், தாளைப் பிறகுதான் கொடுத்தேன். தாளிலும் சீர் பிரித்து "பன்கை" என்று எழுதவில்லை, "காளியப்பன் கை" என்று சொல் பிரித்தே எழுதினேன். சீர் என் கணக்குக்கு, பையனுக்குச் சொல் போதும். பிறகு ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன்: ஒவ்வோர் அடியிலும் முதல் சொல்லின் இரண்டாம் எழுத்தில் நாக்கை மேலே மடக்கு. எதுகைக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது.

அவனுக்குப் பால்மரம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. பக்கத்தில் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார் என்றேன். போனார்கள். அங்கே தாத்தா வெறுங்கையால் சீவிக் காட்டிய படம் எனக்கும் வந்தது.

விழா அன்று காளியும் வாளியும் நாளும் சரியாக வந்தன. "ஐவரை" வந்தபோது மகள்தான் அழுதார், அம்மா அழவில்லை. நான்காம் அடியில் பையன் தடுமாறி "தோலிலே பேரன் பேத்தி" என்றுவிட்டான். சபை சிரித்தது. பெரியவர் நாற்காலியில் இருந்தபடியே தன் வலது தோளில் ஓங்கித் தட்டிக் காட்டி, "தோள்டா, தோள்" என்றார்.