வளர்த்தியை நிறுத்தும் மாத்திரை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் அம்மா பன்னிரண்டரை வயது மகளோடு வந்திருந்தார். கூடவே அம்மாயியும். முதலில் பேசியது அவர்தான். "ஏனுங்க டாக்டரம்மா, புள்ள வயசுக்கு வந்து அஞ்சு மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள அவங்க அம்மா ஒசரத்த தொட்டுட்டா. இப்படியே போனா மாப்பிள்ளைக்கு எங்க போறது?" கோயம்புத்தூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவர், ஹார்மோன் மாத்திரை போட்டால் வளர்த்தி நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார். அதை எழுதி வாங்கத்தான் வந்தார்கள்.

அந்தச் சொந்தக்காரர் சொன்னதில் பாதி உண்மை. 1950களிலிருந்து பல பத்தாண்டுகள் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா எங்கும் டாக்டர்களே இதைக் கொடுத்தார்கள். காரணமும் அம்மாயி சொன்னதேதான்: உயரமான பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது என்ற பயம்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கை கால் எலும்புகளின் நுனியில் குருத்தெலும்பால் ஆன ஒரு தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கூடக்கூட அந்தத் தட்டு முதிர்ந்து எலும்போடு எலும்பாக மூடிக்கொள்கிறது. ஆண்களுக்கும் இதே கதைதான். அவர்கள் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறித் தட்டை மூடுகிறது. 1994இல் ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. ஈஸ்ட்ரோஜனை உணரும் திறனே உடலில் இல்லாத 28 வயது ஆண் ஒருவர் 204 செ.மீ. உயரம் இருந்தார், அந்த வயதிலும் அவருடைய தட்டுகள் மூடவில்லை.

ஆக, இயற்கை மெதுவாகச் செய்வதை மருந்து அவசரப்படுத்துகிறது. அதற்குத் தேவைப்பட்ட அளவுதான் விவகாரம். இன்றைய கருத்தடை மாத்திரையில் எத்தினைல் ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் 20 முதல் 35 மைக்ரோகிராம் வரை இருக்கும். உயரமான பெண்களுக்குத் தினமும் 150 முதல் 300 மைக்ரோகிராம் கொடுத்தார்கள், அதுவும் மாதக் கணக்கில் அல்ல, ஒன்றரை, இரண்டு வருடம். பையன்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி. நடுவில் நிறுத்தினால் தட்டு முழுக்க மூடாமல் மறுபடி வளர்ந்துவிடும் என்பதால் பாதியில் விடவும் முடியாது. குமட்டல், எடை ஏறுவது, காலில் தசைப்பிடிப்பு எல்லாம் சாதாரணம். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்தும் உண்டு.

சரி, நம் பெண்ணுக்கு வருவோம். முதலில் இந்த உயரம் நோயால் வந்ததா என்று பார்க்க வேண்டும். கைகளை விரித்து அளந்தேன். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி நுனி வெளியே நீட்டுகிறதா என்று பார்த்தேன். கண் டாக்டரிடம் அனுப்பி லென்ஸ் இடத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டேன். இதயத்துக்கு எக்கோவும் எடுத்தோம். மார்ஃபான் என்ற பரம்பரைக் குறைபாட்டில் உயரத்தோடு இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயும் விரிந்துகொண்டே போகும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆபத்து உயரத்தில் இல்லை, அந்தக் குழாயில் இருக்கிறது. தைராய்டும் வளர்ச்சி ஹார்மோனும் ரத்தத்தில் பார்த்தோம். எல்லாம் சரியாகவே இருந்தது.

அப்பா 185, அம்மா 170. பெண் பிள்ளைக்கு இரண்டையும் கூட்டி, 13 கழித்து, பாதியாக்க வேண்டும். 171 வருகிறது. அதற்கு எட்டு செ.மீ. மேலோ கீழோ இருப்பது அந்தக் குடும்பத்துக்கு இயல்புதான். பெண்ணின் உயரம் 169. எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று பார்க்க இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பின் வயது 13 என்று தெரிந்தது. அந்த எலும்பு வயதில் ஒரு பெண் தன் கடைசி உயரத்தில் சுமார் 96 சதவீதத்தை எட்டியிருப்பாள். அதன்படி இவள் 176 வரை போவாள். மீதி இருப்பது 7 செ.மீ.

அந்த ஏழிலும் மாத்திரை இரண்டு செ.மீ. அளவுக்குத்தான் குறைத்திருக்கும். எலும்பு வயது குறைவாக இருக்கும்போதே தொடங்கியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் கிடைத்தது. வயசுக்கு வந்த பிறகு தொடங்கினால் மிஞ்சுவதே சொற்பம். எக்ஸ்ரே வைத்துப் போடும் இந்தக் கணக்கே மூன்று செ.மீ. இப்படியும் அப்படியும் பிசகும் என்பதை அம்மாவிடம் ஒரு ஸ்கேலை வைத்துக் காட்டினேன். பலன், கணக்கின் பிழையைவிடச் சிறியது.

விலை எவ்வளவு என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் 1959க்கும் 1993க்கும் இடையே உயரத்துக்காக டாக்டரிடம் வந்த பெண்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தார்கள். சிகிச்சை எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் அதில் உண்டு. 2004இல் முடிவு வந்தது. எடுத்தவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் கருத்தரிக்கும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைவு. ஒரு வருடம் முயன்றும் கரு நிற்காமல் டாக்டரைத் தேடியவர்கள் அவர்களில் அதிகம். பின்னர் நெதர்லாந்து ஆய்வும் இதையே காட்டியது. மருந்தின் அளவு கூடக்கூடப் பாதிப்பும் கூடியது, சினைப்பைகள் காலத்துக்கு முன்பே தளர்ந்திருந்தன. கல்யாணம் ஆகாதே என்று கொடுத்த மருந்து குழந்தைப்பேற்றில் கை வைத்துவிட்டது. எனக்கு இதை எப்போது சொன்னாலும் மனசு கனக்கிறது.

அதே ஆஸ்திரேலியப் பெண்களிடம் நடத்திய இன்னொரு ஆய்வு 2005இல் வந்தது. சிகிச்சை எடுக்காதவர்களில் 99 சதவீதம் பேர் எடுக்காததே நல்லது என்றார்கள். எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு மனக்குறை. உயரமாகவே வளர்ந்துவிட்டவர்கள் வருத்தப்படவில்லை என்பதை அம்மாயியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

இன்று இயல்பான உயரத்துக்கு இந்த மருந்தை வழக்கமாகக் கொடுப்பதில்லை. மிக மிக உயரமாகப் போகும் சில பிள்ளைகளுக்கு ஐரோப்பாவில் சில மையங்கள் முழங்காலை ஒட்டிய வளர்ச்சித் தட்டுகளைச் சிறு துளை வழியே சுரண்டி மூடுகின்றன. அது அறுவை சிகிச்சை, அதற்கும் சரியான எலும்பு வயது வேண்டும். நம் பெண்ணின் கணக்குக்கு அது தேவையே இல்லை. கடையில் கருத்தடை மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாமா என்று யாராவது யோசித்தால், அந்த அளவில் உயரம் குறையும் என்று நம்ப இடமில்லை, ரத்த உறைவு ஆபத்து மட்டும் வந்து சேரும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பெண் அதுவரை வாயே திறக்கவில்லை. மற்றவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு அவளிடம் கேட்டேன். உயரம் அவளுக்குப் பிரச்சினை இல்லை. வகுப்பில் எப்போதும் கடைசி பெஞ்ச், அப்புறம் பாவாடை ஆறு மாதத்தில் குட்டையாகிவிடுகிறது, இவை இரண்டும்தான். வாலிபால் டீமில் வலையோரம் நிற்பவள் அவள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்தோம். வயசுக்கு வந்த பிறகு வேகம் குறைந்துகொண்டே போக வேண்டும். குறையாவிட்டால், வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று தேட வேண்டும். முதல் தடவை 171.5, அடுத்தது 173. பதினைந்து வயதில் 174.5இல் நின்றது.

நான் எழுதி வைத்த 176க்கு ஒன்றரை செ.மீ. குறைவு. அன்றைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், அந்த ஒன்றரை செ.மீ.யை மாத்திரைதான் குறைத்தது என்று நானும் நம்பியிருப்பேன், அந்தக் குடும்பமும் நம்பியிருக்கும்.