புது ராம் போட்டதும் திரை ஏன் கறுத்துப் போகிறது?

டிடிஆர்4 வகையில் 3200 வேகத்து 8 ஜிபி ஸ்டிக் இரண்டோடு நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு டெஸ்க்டாப். 16 ஜிபி போதவில்லை என்று, காலியாக இருந்த இரண்டு ஸ்லாட்டிலும் 2400 வேகத்து 8 ஜிபி ஸ்டிக்குகளைச் செருகுகிறார்கள். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. சற்று நேரத்தில் தானாக அணைகிறது, தானாகவே மறுபடி கிளம்புகிறது. மதர்போர்டில் DRAM என்று அச்சிட்ட இடத்தில் குட்டி விளக்கு ஒன்று எரிந்தபடியே நிற்கிறது. புது ஸ்டிக் செத்தது என்றுதான் முதலில் தோன்றும். பல நேரங்களில் அது சாகவே இல்லை.

பட்டனை அழுத்தியதற்கும் திரையில் முதல் எழுத்து தோன்றுவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஒவ்வொரு ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்ற சின்னச் சில்லு ஒன்று உண்டு. ‘என் கொள்ளளவு இவ்வளவு, இந்த வேகத்தில் இவ்வளவு தாமதம் வேண்டும்’ என்ற அட்டவணை அதில் எழுதப்பட்டிருக்கும். போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் அதைப் படித்து, எல்லா ஸ்டிக்குக்கும் ஒத்துவரும் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும். அதற்குப் பிறகு வருவது ‘டிரெய்னிங்’. 3200 வேகம் என்றால் ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு 320 கோடி பிட்டுகள். ஒரு பிட்டுக்குக் கிடைப்பது சுமார் 0.31 நானோநொடி. கம்பிகளின் நீளத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலே பிட்டுகள் முன்பின்னாக வந்து சேரும். அதனால் கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பதுபோல, பிராசசரில் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் தெரிந்த ஒரு வடிவத்தை எழுதுகிறது, திருப்பிப் படிக்கிறது, தாமதத்தைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி எழுதுகிறது. சரியாகப் படிக்க முடிகிற நடுப்புள்ளி கிடைக்கும்வரை இது தொடரும். கிடைக்காவிட்டால் பல போர்டுகள் மின்சாரத்தை நிறுத்தி முதலிலிருந்து தொடங்கும். தானாக அணைந்து மறுபடி கிளம்புவதன் காரணம் இதுதான். திரைக்குப் படம் அனுப்பும் வேலை ராம் தயாரான பின்னரே தொடங்குவதால், பிழைச் செய்தியைக்கூடப் போர்டால் காட்ட முடியாது.

டிடிஆர்5 போர்டுகளில் முதல் டிரெய்னிங் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அங்கே கறுப்புத் திரையைப் பார்த்துப் பதறி ஸ்விட்சை அணைப்பவர்கள் உண்டு. பத்து நிமிடமாவது பொறுத்துப் பார்ப்பது நல்லது.

வேகம் வேறான ஸ்டிக்குகளைச் சேர்த்தால் எல்லாம் குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓடும் என்று சொல்வார்கள். அது சரிதான். அப்படியானால் நம் டெஸ்க்டாப் 2400-க்கு இறங்கிக் கிளம்பியிருக்க வேண்டுமே? குறுக்கே நிற்பது XMP. 3200 என்று லேபிள் ஒட்டிய பல ஸ்டிக்குகளின் அடிப்படை வேகம் 2133 முதல் 2666-க்குள்தான். 1.2 வோல்ட்டுக்குப் பதில் 1.35 வோல்ட் கொடுத்து 3200-இல் ஓட்டும் கூடுதல் அட்டவணைக்குத்தான் XMP என்று பெயர். பழைய ஸ்டிக்குகளுக்காக யாரோ அதை என்றோ பயாஸில் இயக்கி வைத்திருப்பார்கள். ராம் மாறியதைக் கண்டதும் சில போர்டுகள் அந்த அமைப்பைக் கைவிட்டுவிடும். சில போர்டுகள் விடாப்பிடியாக அதையே புதியவற்றின்மீதும் திணிக்கும்.

திணித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால், 3200 ஸ்டிக்கின் உண்மையான கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ்தான். சி.எல். என்ற தாமத எண் 16 என்றால் 16 துடிப்பில் தரவு வரவேண்டும், அதாவது 10 நானோநொடியில். 2400 ஸ்டிக்கின் கடிகாரம் 1200 மெகாஹெர்ட்ஸ், சி.எல். 17, அது கேட்கும் அவகாசம் 14 நானோநொடிக்குச் சற்று மேல். நான்கு நானோநொடி முன்னதாகவே கேட்டால் சில்லு எதைத் தரும்? குப்பையைத்தான். போதாததற்கு, பிராசசரிலிருந்து ராமுக்குப் போகும் ஒரே கம்பித் தொகுதியில், அதாவது ஒரே சேனலில், இரண்டு ஸ்டிக் இருந்தால் சிக்னலின் சுமையும் ஏறும். அதனால் ஒரே வகை ஸ்டிக் நான்கு போட்டாலும் சில போர்டுகள் 3200-ஐத் தாங்குவதில்லை.

சோதனையைப் பொருத்தத்தில் தொடங்க வேண்டும். மின்கம்பியைக் கழற்றி, பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்னூட்டத்தை வடியவிட்டு, கேஸின் உலோகத்தைத் தொட்டுவிட்டு ஸ்டிக்கில் கை வைக்கவும். டிடிஆர்4-இன் 288 தொடுமுனைகளில் ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் கதை முடிந்துவிடலாம். இரு முனைகளையும் நேர்கீழாக அழுத்த வேண்டும். தாழ்ப்பாள் தானாக மூடிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாழ்ப்பாள் உள்ள போர்டுகளில், தாழ்ப்பாள் இல்லாத முனைதான் ஏமாற்றும்: மேலோட்டமாகப் பார்த்தால் உட்கார்ந்ததுபோலவே இருக்கும். பக்கத்து ஸ்லாட்டில் அழுத்தும்போது போர்டு வளைந்து பழைய ஸ்டிக்கும் தளரக்கூடும் என்பதால் நான்கையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கவும்.

அடுத்து, ஒவ்வொரு ஸ்டிக்காகப் போட்டுப் பார்க்கும் முன் பயாஸ் அமைப்பை அழிக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போனால் சோதனையே பொய் சொல்லும். பழைய 3200 அமைப்பு நினைவில் இருக்கும்போது புது ஸ்டிக்கைத் தனியாகப் போட்டால் அது தனியாகவும் தோற்கும். நல்ல ஸ்டிக்கைக் கெட்டது என்று கடைக்குத் திருப்பி அனுப்புவோம். CLR_CMOS அல்லது JBAT1 என்று அச்சிட்ட இரண்டு முனைகளைச் சில நொடி இணைத்தாலோ, வட்ட பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போட்டாலோ அமைப்பு அழியும்.

இப்போது பழைய ஸ்டிக் ஒன்றை மட்டும், பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து இரண்டாவதான A2 ஸ்லாட்டில் போடவும். அது கிளம்பினால் அந்த ஸ்டிக்கும் அந்த ஸ்லாட்டும் நல்லவை. அதே ஸ்லாட்டில் மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டால் ஸ்டிக்குகளின் நிலை தெரிந்துவிடும். பிறகு நல்லது என்று தெரிந்த ஒரே ஸ்டிக்கை மற்ற ஸ்லாட்டுகளுக்கு மாற்றிப் பார்த்தால் ஸ்லாட்டுகளின் நிலை தெரியும். ஸ்டிக்கையும் ஸ்லாட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதன்மேல் பழி போடுவது என்று தெரியாமல் போகும். ஒரே சேனலைச் சேர்ந்த B1, B2 இரண்டும் சேர்ந்து தோற்றால் ஸ்லாட்டை விட்டுவிட்டு பிராசசர் சாக்கெட்டைச் சந்தேகிக்கலாம். அங்கே வளைந்துபோன ஊசிமுனை ஒன்றே ஒரு சேனலை முடக்கிவிடலாம்.

நம் டெஸ்க்டாப்பில் நான்கு ஸ்டிக்கும் தனித்தனியே கிளம்புகின்றன, நான்கு ஸ்லாட்டும் வேலை செய்கின்றன. ஆக, கோளாறு சேர்க்கையில். பழைய ஜோடியை A2, B2-இலும் புது ஜோடியை A1, B1-இலும் போட்டு, XMP-ஐ இயக்காமல் விட்டால் 32 ஜிபியும் 2400 வேகத்தில் எழுந்து வருகிறது. விண்டோஸில் பவர்ஷெல் வழியாக இதைச் சரிபார்க்கலாம்:

```
Get-CimInstance Win32_PhysicalMemory | Select DeviceLocator, Speed, ConfiguredClockSpeed
```

கிளம்பிவிட்டது என்பதற்காகச் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. டிரெய்னிங் தொட்டுப் பார்ப்பது ராமின் ஒரு சிறு மூலையைத்தான். MemTest86-ஐ யுஎஸ்பியில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அதை ஏற்கக் கூடாது. பின்னால் அது கெட்டுப்போன கோப்பாகவோ நீலத் திரையாகவோ வந்து நிற்கும். நான்கும் சேர்ந்திருக்கும்போது மட்டும் பிழை வந்தால் வேகத்தை இன்னும் ஒரு படி இறக்கவும். தனியாகவும் பிழை தரும் ஸ்டிக்தான் உண்மையிலேயே கெட்டது.

3200-இல் ஓடியது 2400-இல் ஓடுவது நஷ்டம்தானே என்று கேட்கலாம். 16 ஜிபி நிரம்பி வழிந்துகொண்டிருந்தவருக்கு அப்படி இல்லை. ராமில் இடமில்லாமல் எஸ்எஸ்டிக்குப் போய் வரப் பல பத்து மைக்ரோநொடிகள் ஆகும், ராமுக்கோ சுமார் 100 நானோநொடிதான். 16 ஜிபியே நிரம்பாதவர் என்றால், புது ஜோடியைக் கழற்றிவிட்டு XMP-ஐத் திரும்ப இயக்கிக்கொள்வதே மேல்.