கார்ட்டிசால்: மரப்பட்டையில் பிறந்த சொல்

லத்தீனில் ‘கார்டெக்ஸ்’ என்றால் மரப்பட்டை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைக் குறுக்கே வெட்டினால், வெளிப்புறம் மஞ்சளாக ஒரு தடித்த அடுக்கு தெரியும். அந்தப் ‘பட்டை’ சுரக்கும் பொருள்தான் கார்ட்டிசால். கடைசியில் வரும் ‘ஆல்’, அது வேதியியலில் ஆல்கஹால் வகை அமைப்பு கொண்டது என்பதற்கான குறி. தமிழ்ப் பாடநூல்கள் இந்த அடுக்கைப் புறணி என்கின்றன. மரத்தின் மேற்பட்டைக்கும் தமிழில் புறணி என்ற பெயர் உண்டு. லத்தீன்காரர் கண்ட அதே உவமை தமிழிலும் அமைந்துவிட்டது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

பத்திரிகைகளில் இதை ‘மன அழுத்த ஹார்மோன்’ என்று எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். காலையில் கண் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கார்ட்டிசால் உச்சத்துக்குப் போகும். எழுந்து நடமாட வைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. பிறகு நாள் முழுக்கச் சரிந்து, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தைத் தொடும். அதனால் ‘புறணி இயக்குநீர்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சரி, உடம்பு அசந்துபோயும் தூக்கம் வராத நிலைக்கு என்ன பெயர்? ‘தூக்கமின்மை’ போதாது, அதில் அசதி இல்லை. ‘ஊர் அடங்குகிற நேரம்’ என்கிறோமே, அந்த ‘அடங்கு’தான் இங்கே வேண்டிய சொல். ‘அடங்காச் சோர்வு’ என்று சொல்லலாம்.

இரவு பத்தரைக்கு அலுவலகத்திலிருந்து ஒரு போன் வருகிறது, காரசாரமான பேச்சு. நெஞ்சு உடனே படபடக்கும். அது அட்ரினலின், சில நொடிகளில் வேலை செய்வது. கார்ட்டிசால் மெதுவானது, இருபது முப்பது நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். பதினொன்றுக்கு விளக்கை அணைத்துப் படுக்கிறீர்கள். அப்போதுதான் அது ஏறி நிற்கிறது. இரத்தத்தில் அது பாதியாகக் குறையவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பகல் முழுக்க மூளையில் சேர்ந்த அடினோசின் கண்ணைச் சொக்க வைக்கிறது, கார்ட்டிசாலும் படபடப்பும் விழிக்க வைக்கின்றன. இரண்டும் தனித்தனிக் கணக்கு. ஒன்று கூடினால் மற்றது குறையும் என்ற கட்டாயம் இல்லை.

அதனால் அந்தப் போனுக்குப் பிறகு படுக்கையில் புரண்டு தூக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். மங்கிய வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது போய்ப் படுங்கள்.

‘அட்ரினல் களைப்பு’ என்ற பெயரில் விற்கும் மாத்திரைகளை இதற்கு வாங்காதீர்கள். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் அப்படி ஒரு நோயை ஏற்பதில்லை. இரவிலும் கார்ட்டிசால் இறங்காமலே இருக்கும் குஷிங் நோய்க்குறி வேறு. முகம் உருண்டு, வயிறு பெருத்து, கைகால் மெலிந்தால் அதைச் சந்தேகித்து, நள்ளிரவு எச்சிலில் கார்ட்டிசாலை அளந்து பார்ப்பார்கள்.